முற்றும் எச்சமும்: வாக்கியம் எங்கே முடிகிறது?



இந்த அரங்கிற்கு வரும் வழியில் மஸ்ஜித் இந்தியா சாலையில் சிறிது தொலைவு நடந்து வந்தேன். இருபுறமும் இருந்த பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தேன். ஒரு துணிக்கடையின் முகப்பில் ‘பட்டுச் சேலைகள், ஆயத்த ஆடைகள்’ என்று இருந்தது. அடுத்த கடையின் மூடிய கதவில் ‘இன்று விடுமுறை’ என்று ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. இரண்டும் இரண்டிரண்டு சொற்களை ஒட்டி அமைந்தவை. இரண்டிலும் வினைச்சொல் இல்லை. ஆயினும், இவற்றுள் ஒன்று வாக்கியம், மற்றொன்று வாக்கியமன்று. எது வாக்கியம், ஏன் என்று கேட்டால், நம்மில் பலர் சற்றே தயங்குவோம். அந்தத் தயக்கத்தைப் பற்றியதே இன்றைய பொழிவு.

எழுத்துத்திறன் வினாக்களில் மாணவர்கள் இரண்டு வகைப் பிழைகளைச் செய்கின்றனர். ஒன்று, வாக்கியம் முடியுமுன்பே முற்றுப்புள்ளி இட்டுவிடுவது. இதனைக் குறைத்தொடர் என்று அழைப்போம். மற்றொன்று, வாக்கியம் முடிந்த பின்பும் நிறுத்தாமல் அடுத்த வாக்கியத்தை அதனோடு ஒட்டிவிடுவது. இதனை ஓடுதொடர் என்று அழைப்போம். இவ்விரண்டும் நிறுத்தக்குறிப் பிழைகளாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றன. என் கருத்து வேறு. குறி தவறுவதற்கு முன்பே, எது முடிந்தது, எது முடியவில்லை என்ற உணர்வு தவறிவிடுகிறது. அந்த உணர்வைத் தருவதற்குத் தமிழ் இலக்கணத்தில் இரண்டு சொற்கள் உள்ளன. அவை முற்று, எச்சம் என்பன.

ஒரு தவறான திருத்தம்

முதலில் என் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், ஒரு மாணவியின் கட்டுரையில் ‘மறுநாள் காலையில் புறப்பட்டோம்’ என்ற வரியைக் கண்டேன். அதன்கீழ்ச் சிவப்பு மையால் கோடிட்டு, ‘எழுவாய் இல்லை’ என்று எழுதினேன். அடுத்த பக்கத்தில் அவள் ஏழு வரிகளுக்கு நீளும் ஒரு வாக்கியத்தை எழுதியிருந்தாள். அதில் எழுவாய்கள் நான்கு இருந்தன. பயனிலை ஒன்றே இருந்தது. அதற்கு நான் ஒன்றும் எழுதவில்லை. எழுவாய்தான் இருக்கிறதே!

மறுநாள் அவள் என்னிடம் வந்து, “ஐயா, ‘புறப்பட்டோம்’ என்றால் ‘நாங்கள்’ என்று தெரியாதா?” என்று கேட்டாள். தெரியும். ‘புறப்பட்டோம்’ என்பதன் இறுதியில் நிற்கும் ஓம் விகுதியே தன்மைப் பன்மையைக் காட்டிவிடுகிறது. அங்கே இருப்பது தோன்றா எழுவாய். நம் இலக்கணம் அதற்குப் பெயரே வைத்திருக்க, நான் ஆங்கிலத்தின் அளவுகோலைக் கொண்டு தமிழை அளந்துவிட்டேன். ஆங்கிலத்தில் எழுவாய் வெளிப்படையாக நின்றாக வேண்டும். அது இல்லையேல், ஏவல் தவிர்த்த பிறவிடங்களில், அத்தொடர் குறையுடையது. தமிழில் அவ்வாறன்று. சரியானதை அடித்துவிட்டுப் பிழையானதை விட்டுவிட்டேன். இதனால் அம்மாணவி கற்றது என்ன? சிறிய வாக்கியம் பிழையானது, நீண்ட வாக்கியம் பாதுகாப்பானது என்பதையே.

முடிந்ததும் எஞ்சியதும்

‘எஞ்சு’ என்றால் மிச்சமாக நில். அதிலிருந்து பிறந்ததே ‘எச்சம்’. ‘வந்து’ என்று கூறினால் ஏதோ ஒன்று மிஞ்சி நிற்கிறது; வந்து என்ன செய்தான் என்று கேட்கத் தோன்றுகிறது. அது வினையெச்சம். ‘வந்த’ என்று கூறினாலும் ஒன்று மிஞ்சுகிறது. வந்த யார் என்று கேட்கத் தோன்றுகிறது. அது பெயரெச்சம். ‘வந்தான்’ என்றால் கேட்பதற்கு எதுவும் கட்டாயமாக மிஞ்சவில்லை. அது முற்று.

சொல்லின் அளவில் நிற்கும் இந்த வேறுபாடே வாக்கியத்தின் எல்லையையும் வரைகிறது. ஓலைச்சுவடிகளில் இன்று நாம் இடும் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் இல்லை. சொற்களுக்கிடையே இடைவெளிகூடப் பெரும்பாலும் விடப்படவில்லை. அப்படியிருந்தும் படித்தவர்கள் வாக்கியம் முடியும் இடத்தை அறிந்துகொண்டார்கள். முற்று வந்த இடத்தில் வாக்கியம் முடிந்தது. அச்சுநூல்கள் பெருகிய 19ஆம் நூற்றாண்டில்தான், ஆறுமுக நாவலர் போன்றோரின் பதிப்புகளின் வழியாக, நிறுத்தக்குறிகள் தமிழ் உரைநடையில் நிலைபெற்றன. அவ்வாறு வந்த புள்ளிக்கு நம்மவர்கள் சூட்டிய பெயரைப் பாருங்கள்: முற்றுப்புள்ளி. முற்றைப் பின்தொடர்ந்து வரும் புள்ளி என்று அதனைப் பொருள்கொண்டால் நம் மாணவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. புள்ளி வைப்பதால் வாக்கியம் முற்றுப்பெறுவதில்லை. முற்றுப்பெற்றதால் புள்ளி வைக்கிறோம்.

முற்று எனும்பொழுது வினைமுற்றை மட்டும் நினைத்தல் கூடாது. ஓர் எழுவாய் எவ்வெவ்வாறு முடிவுபெறும் என்பதைத் தொல்காப்பியம் ஆறு வகையாகப் பகுத்துக் கூறுகிறது. அதனை நம் தெருவுக்கு ஏற்ற எடுத்துக்காட்டுகளால் விளக்கலாம். ‘கடை உண்டு’ என்று இருப்பைச் சொல்லி முடியலாம். ‘கடை வாழ்க’ என்று வியங்கோளால் முடியலாம். ‘கடை திறந்தது’ என்று வினையால் முடியலாம். ‘கடை எது?’ என்று வினாவால் முடியலாம். ‘கடை பெரிது’ என்று பண்பால் முடியலாம். ‘இது கடை’ என்று பெயரால் முடியலாம். ஆறும் முழுமையான வாக்கியங்களே. இவற்றுள் ‘இது கடை’ என்பதில் வினைச்சொல் இல்லை, தேவையுமில்லை. ஆங்கிலத்தில் இவ்விடத்தில் ‘இஸ்’ என்ற வினை வந்தே தீர வேண்டும். மலாய்மொழி இதில் நம்மோடு நிற்கிறது: ‘இனி கெடாய்’ என்றாலே ‘இது கடை’ என்று பொருள் நிறைந்துவிடும்.

இப்பொழுது அந்தப் பலகைகளுக்கு வருவோம். ‘இன்று விடுமுறை’ என்பதில் இன்றைய நாளைப் பற்றி ஒரு செய்தி கூறப்படுகிறது. ‘விடுமுறை’ என்பது பெயர்ப்பயனிலை. எனவே அது வாக்கியம். ‘பட்டுச் சேலைகள், ஆயத்த ஆடைகள்’ என்பது பெயர்களின் அடுக்கு. அவற்றைப் பற்றி எதுவும் கூறப்படவில்லை. பலகைக்கு அது போதும். சேலைகள் விற்கப்படுகின்றன என்ற பயனிலையைக் கடையே தந்துவிடுகிறது. கட்டுரைத்தாளுக்குப் பின்னால் அப்படி ஒரு கடை இல்லை.

ஒரு பத்தியைத் திருத்திப் பார்ப்போம்

பல ஆண்டுகளாக மாணவர் ஏடுகளில் கண்ட பிழைகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு பத்தியை நானே அமைத்துள்ளேன். ஒவ்வொரு தொடருக்கும் எண் இட்டுப் படிக்கிறேன்.

(1) கடந்த சனிக்கிழமை தீபாவளிக்குத் துணி வாங்குவதற்காக நானும் என் குடும்பத்தினரும் மஸ்ஜித் இந்தியாவுக்குச் சென்றோம்.
(2) கூட்டம் மிகுதியாக இருந்ததால்.
(3) நாங்கள் மெதுவாக நடந்தோம், அப்பா ஒரு கடையைக் காட்டினார், அங்கே பட்டுச் சேலைகள் இருந்தன அம்மா உள்ளே நுழைந்தார்.
(4) பல வண்ணங்களில் தொங்கிக்கொண்டிருந்த சேலைகள்.
(5) அம்மா ஒரு சேலையை எடுத்துப் பார்த்து விலையைக் கேட்டுக் கடைக்காரர் இருநூறு ரிங்கிட் என்று கூறி அம்மா சிரித்து நாங்கள் வெளியே வந்தோம்.
(6) விலை அதிகம்.

இப்பத்தியை ஆசிரியர்களிடம் கொடுத்தால், பலரின் பேனா முதலில் ஆறாம் தொடரின் மீதுதான் செல்லும். அது மிகச் சிறியது. ஐந்தாம் தொடரைப் பலர் கடந்துவிடுவார்கள். அதில் காற்புள்ளிப் பிழைகூட இல்லை. உண்மையில் முதலாம் தொடரும் ஆறாம் தொடரும் மட்டுமே முழுமையானவை. இடையில் உள்ள நான்கும் நான்கு வேறு காரணங்களால் பிழைபட்டவை. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

இரண்டாம் தொடர் ‘இருந்ததால்’ என்று முடிகிறது. அதனுள் ‘இருந்தது’ என்ற சொல் கேட்கிறது. அதனால் மாணவனின் செவி வாக்கியம் முடிந்துவிட்டதாக ஏமாறுகிறது. ‘இருந்தது’ என்பது தனித்து நின்றால் வினைமுற்று. அதனோடு ‘ஆல்’ என்னும் மூன்றாம் வேற்றுமை உருபு சேர்ந்தவுடன் அது பெயர்த்தன்மை அடைந்துவிடுகிறது. ஏனெனில் வேற்றுமை உருபை வினைமுற்று ஏற்காது, பெயரே ஏற்கும். ஆகவே அங்கே முற்று இல்லை. காரணம் மட்டும் இருக்கிறது, காரியம் எஞ்சி நிற்கிறது.

இப்பிழை பேச்சிலிருந்து வருகிறது. ‘ஏன் தாமதம்?’ என்று தாய் கேட்கிறார். ‘மழை பெய்ததால்’ என்று மகன் விடையளிக்கிறான். அங்கே குறை இல்லை. எஞ்சிய பகுதியை வினாவே தந்துவிட்டது. எழுத்தில் வினாக் கேட்பவர் எதிரில் இல்லை. திருத்தும் வழிகள் இரண்டு. ‘கூட்டம் மிகுதியாக இருந்ததால் நாங்கள் மெதுவாக நடந்தோம்’ என்று காரியத்தோடு இணைக்கலாம். அல்லது, ‘நாங்கள் மெதுவாக நடந்தோம். ஏனெனில், கூட்டம் மிகுதியாக இருந்தது’ என்று இரண்டாகவே எழுதலாம். இந்த இரண்டாம் வழி ஆங்கிலத்தில் செல்லாது. அங்கே ‘பிகாஸ்’ என்று தொடங்கித் தனியே நிற்கும் தொடர் குறைத்தொடராகும். தமிழில் ‘ஏனெனில்’ என்பது ஏன் என்று கேட்டால் என விரிந்து, தானே வினாவை எழுப்பித் தன் பின் ஒரு முழு விடையை வரவேற்கிறது. ‘இருந்தது’ என்ற முற்று அங்கே கெடாமல் நிற்கிறது.

நான்காம் தொடர் ‘சேலைகள்’ என்ற பெயரில் முடிகிறது. அதற்கு முன் ‘தொங்கிக்கொண்டிருந்த’ என்ற பெயரெச்சம் உள்ளது. பெயரெச்சம் தனக்குரிய பெயரைப் பெற்றுவிட்டது. அந்த அளவில் குறையில்லை. ஆனால், அப்பெயர் இப்பொழுது எழுவாயாகிக் காத்துக்கொண்டிருக்கிறது. அச்சேலைகள் என்னவாயின? கண்ணைக் கவர்ந்தனவா, விற்றுப்போயினவா? எளிய திருத்தம், எச்சத்தை முற்றாக்கி இடம்மாற்றுவது: ‘பல வண்ணங்களில் சேலைகள் தொங்கிக்கொண்டிருந்தன.’ 

தமிழில் சொல்வரிசை எவ்வளவு வலிமை உடையது என்பதை இங்கே மாணவர்க்குக் காட்டலாம். ‘குயில் கூவும்’ என்பது வாக்கியம். ‘கூவும் குயில்’ என்பது வாக்கியமன்று. ‘கூவும்’ என்ற ஒரே சொல், பின்னே நின்றபோது முற்றாகவும், முன்னே நின்றபோது எச்சமாகவும் ஆகிறது. செய்யும் என்னும் வாய்பாட்டுச் சொற்கள் அனைத்தும் இத்தகையவை. ஆதலால் ஒரு சொல்லைப் பார்த்து மட்டும் முற்று என்று முடிவு செய்யாமல், அது நிற்கும் இடத்தையும் பார்க்க வேண்டும்.

ஓடுதொடரின் இரு வடிவங்கள்

மூன்றாம் தொடரிலும் ஐந்தாம் தொடரிலும் உள்ளவை ஓடுதொடர்கள். ஆனால் அவை எதிரெதிர்த் திசையில் பிழைபடுகின்றன. மூன்றாம் தொடரில் முற்றுகள் மிகுதி. ஐந்தாம் தொடரில் முற்றுகள் போதவில்லை.

மூன்றாம் தொடரில் நடந்தோம், காட்டினார், இருந்தன, நுழைந்தார் என முற்றுகள் நான்கு உள்ளன; அவற்றுக்கு எழுவாய்களும் நான்கு. நான்கு வாக்கியங்கள் இரண்டு காற்புள்ளிகளால் ஒட்டப்பட்டிருக்கின்றன. ஓரிடத்தில் அதுவும் இல்லை. காற்புள்ளி, எச்சத்திற்குப் பின்னும் அடுக்கி வரும் பெயர்களுக்கிடையிலும் வரும் குறி. முற்றுப்பெற்ற இரு வாக்கியங்களைத் தாங்கும் வலிமை அதற்கு இல்லை. ஓர் எழுவாய் பல முற்றுகளைக் கொண்டு வருமிடத்தில் அரைப்புள்ளி இடலாம். ‘அப்பா நின்றார்; கடையைப் பார்த்தார்; உள்ளே நுழைந்தார்’ என்பது சரி. எழுவாய் மாறிக்கொண்டே செல்லும் மூன்றாம் தொடருக்கு அதைவிட முற்றுப்புள்ளியே பொருந்தும். 

இவ்வகைப் பிழை மிகுதியாக நிகழும் இடம் ஒன்றுண்டு. ‘எனவே’, ‘ஆகவே’, ‘பிறகு’ ஆகிய சொற்களுக்கு முன்னால் மாணவர்கள் காற்புள்ளி இட்டுச் சென்றுவிடுவர்: ‘மழை பெய்தது, எனவே நாங்கள் கடைக்குள் ஒதுங்கினோம்.’ ‘எனவே’ இருப்பதால் இரண்டும் இணைந்துவிட்டன என்று அவர்கள் நினைக்கிறார்கள். பொருள் இணைந்திருக்கிறது; அமைப்பு இணையவில்லை. ‘பெய்தது’ அங்கே முற்றாகவே நிற்கிறது. உண்மையாகவே இணைக்க வேண்டுமானால் அந்த முற்றை எச்சமாக்க வேண்டும்: ‘மழை பெய்யவே, நாங்கள் கடைக்குள் ஒதுங்கினோம்.’ இல்லையேல், ‘மழை பெய்தது; எனவே, நாங்கள் கடைக்குள் ஒதுங்கினோம்’ என்று வலிமையான குறியை இட வேண்டும்.

ஐந்தாம் தொடரே நாம் பெரிதும் கவனிக்க வேண்டியது. இது தமிழுக்கே உரிய பிழை. வினையெச்சங்களை எத்தனை வேண்டுமாயினும் கோத்துச் செல்லத் தமிழ் இடந்தருகிறது. சங்கப் பாடல்களுள் பல, பல அடிகள் ஓடி, இறுதியில் ஒரே முற்றைக் கொண்டு முடிகின்றன. ஆகவே நீளம் குற்றமன்று. கோக்கும் முறைக்கு ஒரு விதி உண்டு. அதனை மீறுவதே குற்றம்.

அவ்விதியைத் தொல்காப்பியமும், பின்னர் 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலும் தெளிவாக வகுத்துள்ளன. ‘செய்து’ என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடிய வேண்டும். அதாவது, எச்சவினையைச் செய்தவரே முற்றுவினையையும் செய்தவராக இருத்தல் வேண்டும். ‘செய’ என்னும் வாய்பாட்டு எச்சத்திற்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அது பிறிதொருவரின் வினையையும் கொண்டு முடியும். ‘அம்மா கேட்டுச் சிரித்தார்’ என்பதில் கேட்டவரும் சிரித்தவரும் ஒருவரே. ‘அம்மா கேட்க, கடைக்காரர் சிரித்தார்’ என்பதில் இருவர் உள்ளனர். ‘கேட்டு’ என்பது ‘கேட்க’ என மாறியதும், எழுவாய் மாறப்போகிறது என்ற முன்னறிவிப்பு வாசகனுக்குக் கிடைத்துவிடுகிறது.

இனி ஐந்தாம் தொடரை அளந்து பார்ப்போம். ‘எடுத்து’, ‘பார்த்து’, ‘கேட்டு’ மூன்றும் அம்மாவின் வினைகள். அவற்றை முடித்துவைக்க ‘அம்மா’ என்பதற்குரிய முற்று வர வேண்டும். அதற்குள் ‘கடைக்காரர்’ என்ற புதிய எழுவாய் நுழைந்துவிடுகிறது. அவருக்கு ‘கூறி’ என்ற எச்சம் மட்டுமே கிடைக்கிறது, அவரும் முற்றுப்பெறவில்லை. மீண்டும் அம்மா வருகிறார். ‘சிரித்து’ என்று நிற்கிறார். இறுதியில் ‘நாங்கள்’ வந்து, ‘வந்தோம்’ என்ற ஒரே முற்றையும் எடுத்துக்கொள்கிறது. ‘நாங்கள்’ என்பதில் அம்மாவும் அடங்குவார் என்று அவருக்கு வேண்டுமானால் வாதாடலாம். கடைக்காரர் நடுத்தெருவில் நிற்கிறார். அவரும் நம்மோடு வெளியே வந்துவிட்டாரோ என்றுகூட வாசகன் ஐயுறலாம்.

திருத்தும்பொழுது ஒவ்வோர் எழுவாய்க்கும் உரிய முடிவைக் கொடுத்துவிட வேண்டும். ‘அம்மா ஒரு சேலையை எடுத்துப் பார்த்து விலையைக் கேட்டார். கடைக்காரர் இருநூறு ரிங்கிட் என்று கூற, அம்மா சிரித்தார். நாங்கள் வெளியே வந்தோம்.’ முதல் வாக்கியத்தில் எச்சங்கள் இரண்டு அப்படியே உள்ளன, அவற்றில் பிழையில்லை. ‘கேட்டு’ என்பது ‘கேட்டார்’ ஆயிற்று. ‘கூறி’ என்பது ‘கூற’ ஆயிற்று. ‘சிரித்து’ என்பது ‘சிரித்தார்’ ஆயிற்று. மூன்று சொற்களின் ஈறுகளே மாறின. புதிய சொல் ஒன்றுகூடச் சேர்க்கப்படவில்லை.

இவ்விதிக்கு விலக்குகளும் உண்டு. அவற்றை அறியாத ஆசிரியர் சரியானதையும் அடித்துவிடக்கூடும். ‘கால் வழுக்கி விழுந்தான்’ என்கிறோம். வழுக்கியது கால், விழுந்தவன் அவன். உறுப்பின் வினை உறுப்புடையவனின் வினையைக் கொண்டு முடிவதை இலக்கணம் ஏற்கிறது. ‘மழை பெய்து ஏரி நிரம்பியது’ என்கிறோம். பெய்தது மழை, நிரம்பியது ஏரி. காரணமும் காரியமும் இடைவெளியின்றித் தொடரும் இத்தகைய இடங்களில் ‘பெய்து’ என்பது ‘பெய்ய’ என்ற பொருளில் திரிந்து வந்ததாக இலக்கண நூலார் அமைதி கூறுவர். நம் ஐந்தாம் தொடரில் அவ்வாறான உறவு எதுவும் இல்லை. தாமே செயற்படும் மூவேறு மனிதர்கள் அங்கே வரிசையாக வருகின்றனர்.

மலாயிலிருந்து வரும் ஒரு நிழல்

நம் மாணவர்கள் ஒரே வாரத்தில் மூன்று மொழிகளில் கட்டுரை எழுதுகின்றனர். ஒரு மொழியின் பிழை மற்றொன்றில் நிழலாடுவது இயல்பு. மலாய் ஆசிரியர்கள் குறைத்தொடரை ‘அயாட் தெர்கந்துங்’ என்பர். தொங்கும் வாக்கியம் என்று பொருள். அவர்கள் அடிக்கடி சுட்டிக்காட்டும் பிழை ஒன்று, ‘டாலாம்’ என்ற முன்னிடைச்சொல்லால் எழுவாயை விழுங்கிவிடுவது. ‘அக்கூட்டத்தில் விவாதித்தது’ என்பது போன்ற அமைப்பு அது. விவாதித்தது யார்? கூட்டமென்றால் அது இடப்பொருளில் நிற்கக் கூடாது.

இதே பிழையைத் தமிழ்த் தாள்களிலும் காண்கிறோம்: ‘இக்கட்டுரையில் நேர மேலாண்மையைப் பற்றிக் கூறுகிறது.’ இதில் முற்று இருக்கிறது. ‘கூறுகிறது’ என்பது ஐயமின்றி வினைமுற்று. ஆனால் அதற்குரிய எழுவாய், ‘இல்’ என்னும் ஏழாம் வேற்றுமை உருபை ஏற்று, எழுவாய்த் தன்மையை இழந்துவிட்டது. இதனைத் தோன்றா எழுவாய் என்றும் காக்க முடியாது. ‘புறப்பட்டோம்’ என்பதில் ‘நாங்கள்’ கிடைத்தது போல், ‘கூறுகிறது’ என்பதன் ஈற்றிலிருந்து அஃறிணை ஒருமை என்பது மட்டுமே கிடைக்கிறது. எதுவென்று முன் வாக்கியமும் சொல்லவில்லை. திருத்தங்கள் மூன்று உள்ளன. ‘இக்கட்டுரை கூறுகிறது’ எனலாம். ‘இக்கட்டுரையில் ஆசிரியர் கூறுகிறார்’ எனலாம். ‘இக்கட்டுரையில் நேர மேலாண்மை பற்றிக் கூறப்படுகிறது’ என்று செயப்பாட்டுவினையாகவும் எழுதலாம்.

ஒரு சோதனையும் அதன் எல்லையும்

தேர்வு மண்டபத்தில் மாணவர்கள் இலக்கண நூற்பாவை நினைத்துக்கொண்டிருக்க இயலாது. அவர்களுக்கு ஓர் எளிய சோதனையைக் கூறுகிறேன். ஐயத்திற்குரிய தொடரின் இறுதியில் ‘என்பது உண்மை’ என்ற சொற்களைச் சேர்த்துப் படியுங்கள். ‘விலை அதிகம் என்பது உண்மை’: பொருந்துகிறது, எனவே அது வாக்கியம். ‘கூட்டம் மிகுதியாக இருந்ததால் என்பது உண்மை’: பொருந்தவில்லை. ‘பல வண்ணங்களில் தொங்கிக்கொண்டிருந்த சேலைகள் என்பது உண்மை’: பொருந்தவில்லை. ஒரு செய்தி முழுமையாகக் கூறப்பட்டால்தான் அதனை உண்மை என்றோ பொய் என்றோ கூற முடியும். சோதனை வேலை செய்வது அதனால்தான்.

இச்சோதனைக்கு எல்லை உண்டு. ‘உள்ளே வா’, ‘விலை என்ன?’ என்பவை முழுமையான வாக்கியங்கள். ஆயினும் ஏவலையும் வினாவையும் உண்மை என்று கூற முடியாது. செய்தி வாக்கியங்களுக்கு மட்டுமே இதனைப் பயன்படுத்துங்கள். மேலும், இது குறைத்தொடரை மட்டுமே காட்டிக்கொடுக்கும். ஐந்தாம் தொடரோடு ‘என்பது உண்மை’ சேர்த்தால் தடையின்றிப் பொருந்திவிடும். இறுதியில் ஒரு முற்று இருக்கிறதல்லவா?

ஓடுதொடருக்கு வேறு வழி வேண்டும். முற்றுப்புள்ளியிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். முதலில் முற்றைத் தொட்டு, இது யாருடையது என்று கேளுங்கள். பின்னர் அதற்கு முன்னுள்ள ஒவ்வோர் எச்சத்தையும் தொட்டு, இதுவும் அவருடையதா என்று கேளுங்கள். ஆம் என்றால் மேலே செல்லுங்கள். இல்லை என்றால், அந்த எச்சத்தைச் ‘செய’ வாய்பாட்டிற்கு மாற்றுங்கள், அல்லது முற்றாக்கிப் புள்ளி இடுங்கள். வழியில் மற்றொரு முற்று எதிர்ப்பட்டால், அங்கே ஒரு வாக்கியம் முடிந்திருக்கிறது என்று அறிந்து அதற்குரிய குறியை இடுங்கள். ‘என்று’ என்ற சொல்லுக்கு முன்னால் வரும் முற்று மட்டும் இதற்கு விலக்கு. அது பிறர் கூற்றைத் தாங்கி உள்ளடங்கி நிற்பது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘வாக்கியப் பிழை’ என்று ஓரத்தில் எழுதுவதை விட்டுவிட்டு, ‘முற்று எங்கே?’ என்றோ, ‘இது யாருடைய எச்சம்?’ என்றோ எழுதுங்கள். முன்னது தீர்ப்பு, பின்னவை மாணவர் தாமே விடை காணக்கூடிய வினாக்கள்.

அந்தப் பத்தியை முழுமையாகத் திருத்திப் படித்து என் உரையை முடிக்கிறேன்.

‘கடந்த சனிக்கிழமை தீபாவளிக்குத் துணி வாங்குவதற்காக நானும் என் குடும்பத்தினரும் மஸ்ஜித் இந்தியாவுக்குச் சென்றோம். கூட்டம் மிகுதியாக இருந்ததால் நாங்கள் மெதுவாக நடந்தோம். அப்பா ஒரு கடையைக் காட்டினார். அங்கே பட்டுச் சேலைகள் இருப்பதைக் கண்டு அம்மா உள்ளே நுழைந்தார். பல வண்ணங்களில் சேலைகள் தொங்கிக்கொண்டிருந்தன. அம்மா ஒரு சேலையை எடுத்துப் பார்த்து விலையைக் கேட்டார். கடைக்காரர் இருநூறு ரிங்கிட் என்று கூற, அம்மா சிரித்தார். நாங்கள் வெளியே வந்தோம். விலை அதிகம்.’

கடைசி வாக்கியத்தில் நான் கை வைக்கவில்லை. இரண்டே சொற்கள், வினையில்லை, ஆயினும் எதுவும் எஞ்சவில்லை. அன்று அம்மாணவியின் ஏட்டில் நான் அடித்த கோட்டை இன்று அழிக்க இயலாது. இத்தகைய வரி ஒன்று உங்கள் மேசைக்கு வரும்பொழுது, அதனை அடிக்காமல் விடுங்கள்.